ஆறு மணி 38 நிமிடம்: ஒரு நண்பருக்குப் பாராட்டு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாராட்டு என்ற தலைப்பில் பேசச் சொல்லி எனக்குப் பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். பெரிய மனிதர் யாரையும் பாராட்ட நான் வரவில்லை. என் நண்பர் ஒருவரைப் பாராட்ட வந்திருக்கிறேன். பட்டர்வொர்த்தில் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளராக வேலை செய்கிறவர். வயது 51. இன்று அவரும் இந்த அவையில் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுவேன் என்று முன்கூட்டியே எச்சரித்திருப்பதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

அண்மையில் அவர் பினாங்குப் பாலத்தில் நடக்கும் மாரத்தான் ஓட்டத்தில் கலந்துகொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக 42 கிலோமீட்டர் 195 மீட்டரை ஓடி முடித்தார். அவருக்கு ஆன நேரம் 6 மணி 38 நிமிடம்.

இந்த எண்ணைக் கேட்டதும் உங்களில் சிலர் முகத்தில் ஒரு சிறு புன்னகை தெரிகிறது. அது எனக்குப் புதிதல்ல. மறுநாள் மாமாக் கடையில் பசியாறும்போது அவருக்குத் தெரிந்தவர்களும் இப்படித்தான் சிரித்தார்கள். ஒருவர் கேட்டார், "என்னண்ணே, எத்தனையாவது இடம்?" இன்னொருவர் கேட்டார், "ஆறரை மணி நேரமா? அதுக்கு நடந்தே போயிருக்கலாமே!" என் நண்பர் பதில் சொல்லவில்லை. கழுத்தில் போட்டுக்கொண்டு வந்த பதக்கத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒன்பது மாத உழைப்பு சட்டைப் பைக்குள் போய்விட்டது.

அவர் சொல்லாத பதிலை நான் சொல்லலாம் என்று இருக்கிறேன். உணர்ச்சிவசப்பட்டுப் பேசப் போவதில்லை. கணக்குப் போட்டே சொல்கிறேன்.

நடந்தே போயிருந்தால்?

நல்ல ஆரோக்கியமான மனிதர் சற்று வேகமாக நடந்தால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போவார். அந்த வேகத்தில் எங்கும் நிற்காமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் 42 கிலோமீட்டர் 195 மீட்டரை நடந்தால் 8 மணி 26 நிமிடம் ஆகும். என் நண்பர் ஓடிய போட்டியில் அனுமதிக்கப்பட்ட நேரம் ஏழு மணி. அதாவது நடந்தே போயிருந்தால் அவர் வந்து சேர்வதற்கு வெகுநேரம் முன்பே போட்டி முடிந்து, பின்னால் வரும் பேருந்து அவரை ஏற்றிக்கொண்டு போயிருக்கும்.

சரி, ஏழு மணி நேரத்தில் முடிக்க எவ்வளவு வேகம் வேண்டும்? ஒரு கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம் என்று பலர் மனக்கணக்குப் போடுவார்கள். 42 கிலோமீட்டர், 420 நிமிடம், ஏழு மணி நேரம், சரியாக வந்துவிட்டதே என்று நினைப்பார்கள். மிச்சம் இருக்கும் அந்த 195 மீட்டரை மறந்துவிடுவார்கள். அதே வேகத்தில் அந்தச் சின்னத் துண்டைக் கடக்கவும் ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். ஆகவே கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம் என்று ஓடியவர் இரண்டு நிமிடத்தில் தவறவிடுவார். ஒவ்வொரு கிலோமீட்டரையும் 9 நிமிடம் 57 விநாடிக்குள் முடித்தாக வேண்டும். தண்ணீர் குடிக்கும் நேரம், கழிவறைக்குப் போகும் நேரம், காலணியின் கயிற்றைக் கட்டும் நேரம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

இப்போது இன்னொரு கணக்கு. 2023ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரில் கென்யாவைச் சேர்ந்த கெல்வின் கிப்டம் இதே தூரத்தை 2 மணி 35 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். அடுத்த ஆண்டே அவர் சாலை விபத்தில் இறந்தது விளையாட்டு உலகுக்கே பெரிய இழப்பு. அவர் ஓடிய வேகத்தில் நம்மில் பெரும்பாலோரால் ஒரு நிமிடம்கூட ஓட முடியாது. ஆனால் நேரத்தைப் பாருங்கள். அந்த மாவீரர் தம் கால்களுக்கு வேலை கொடுத்தது இரண்டு மணி நேரம். என் நண்பர் வேலை கொடுத்தது ஆறரை மணி நேரத்துக்கும் மேல்.

வேகமாக ஓடுகிறவர் நிமிடத்துக்குச் சுமார் 185 அடி எடுத்து வைப்பார் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மணி நேரத்தில் அவர் வைத்தது 22 ஆயிரம் அடி. ஓட்டமும் நடையுமாக வந்த என் நண்பருக்கு நிமிடத்துக்கு 140 அடி என்று குறைத்து வைத்தாலும் 55 ஆயிரம் அடிக்கு மேல் வருகிறது. ஒவ்வோர் அடியிலும் முழங்காலும் கணுக்காலும் உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டும். தூரம் இருவருக்கும் ஒன்றுதான். அந்தத் தூரத்தில் எத்தனை முறை தரையை மிதிக்க வேண்டும், எத்தனை மணி நேரம் விழித்து, வியர்த்து, பசியைத் தாங்க வேண்டும் என்பதில்தான் வேறுபாடு.

நான் வேகத்தைக் குறைத்துப் பேசவில்லை. முன்னால் ஓடுகிறவரின் திறமை வேறு. கடைசியில் வருகிறவரின் உழைப்பு வேறு. ஒன்றை அளக்கும் கோலால் மற்றொன்றை அளக்கக் கூடாது என்பதே என் வாதம்.

ஒன்பது மாதமும் ஒரு குறளும்

நண்பருக்கு ஐம்பது வயது நிறைந்தபோது இரத்த அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருப்பதாக மருத்துவர் சொன்னார். அதன் பிறகுதான் அவர் ஓட நினைத்தார். என்னிடம் வந்து ஆலோசனை கேட்டபோது, முதலில் மருத்துவரிடம் போய் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் பரிசோதனையைச் செய்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பினேன். நாற்பதைத் தாண்டியவர்கள் நெடுந்தூர ஓட்டத்தைத் தொடங்கும் முன் இதைச் செய்துவிடுவது நல்லது. மருத்துவர் சம்மதம் தந்த பிறகு தொடங்கினோம்.

முதல் மாதம் அவர் ஓடியது ஒரு நிமிடம், நடந்தது இரண்டு நிமிடம். இப்படியே மாற்றி மாற்றி அரை மணி நேரம், வாரத்தில் மூன்று நாள். வேலை முடிந்து வந்து குடியிருப்புப் பூங்காவைச் சுற்றி வருவார். பள்ளிப் பிள்ளைகள் அவரைத் தாண்டி ஓடுவார்கள். நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிற அம்மாக்கள்கூட அவரைத் தாண்டிப் போனதுண்டு. அவரைப் போன்றவர்களுக்குப் பெரிய சோதனையே இதுதான். யாராவது தாண்டிப் போனால் கால் தானாக வேகமெடுக்கும். மூச்சு வாங்கும். இரண்டாவது வாரத்தில் கெண்டைக்காலிலோ முழங்காலிலோ வலி வரும். மூன்றாவது வாரம் காலணி அலமாரிக்குள் போய்விடும். புதிதாக ஓடத் தொடங்கிப் பாதியில் விட்டவர்களில் நான் பார்த்த பலரும் சோம்பேறிகள் அல்லர். அவசரப்பட்டவர்கள்.

வேகம் கூடிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விலை உயர்ந்த கைக்கடிகாரம் தேவையில்லை. பயிற்சியாளர்கள் பேச்சுச் சோதனை என்று ஒன்றைச் சொல்வார்கள். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் வேகம் சரி. பேச முடியாமல் திணறினால் வேகம் அதிகம். என் நண்பர் அதற்கு நம் வழியிலேயே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். தமிழ்ப் பள்ளியில் மனப்பாடம் செய்த குறள்களில் ஒன்றை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். ஏழு சீரும் ஒரே மூச்சில் வந்தால் அப்படியே ஓடுவார். நான்காவது சீரில் மூச்சு நின்றால் உடனே வேகத்தைக் குறைப்பார். ஒன்பது மாதமும் அவருக்குக் கருவியாக இருந்தது அந்தக் குறள்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீண்ட தூரப் பயிற்சி. அந்தத் தூரத்தை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். மூன்று வாரம் கூட்டி, நான்காவது வாரம் குறைப்போம். எடுத்துக்காட்டாக 14, 16, 18 என்று போனால் அடுத்த வாரம் 13 கிலோமீட்டர்தான். எலும்பும் தசைநாரும் பயிற்சியின்போது பலம் பெறுவதில்லை. பயிற்சிக்குப் பிறகு கிடைக்கும் ஓய்வில்தான் பலம் பெறுகின்றன. குறைக்கிற வாரத்தைச் சோம்பல் என்று நினைத்துத் தாண்டிவிட்டால், கூட்டிய வாரங்களின் பலன் உடம்பில் சேராது.

அவர் பயிற்சியில் ஓடிய மிக அதிகத் தூரம் 28 கிலோமீட்டர். போட்டிக்கு மூன்று வாரம் முன்பு, 4 மணி 20 நிமிடத்தில் அதை முடித்தார். வேகமாக ஓடுகிறவர்கள் 32 கிலோமீட்டர் வரை போவது வழக்கம். மெதுவாக ஓடுகிறவர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் ஐந்து மணி நேரம் சாலையில் இருக்க நேரிடும். அதனால் கிடைக்கும் பலனைவிடக் களைப்பும் காயமும்தான் அதிகம். ஆகவே மெதுவாக ஓடுகிறவருக்குப் பயிற்சியைத் தூரத்தால் மட்டும் அளக்காமல் நேரத்தாலும் அளந்து நிறுத்த வேண்டும்.

எல்லாரையும் முன்னால் விடுவது

போட்டி நாள் அதிகாலை ஒன்றரை மணிக்குத் துப்பாக்கி வெடித்தது. நம் நாட்டு வெயிலுக்குப் பயந்துதான் அந்த நேரத்தில் தொடங்குகிறார்கள். பாலத்தில் வாகனங்கள் இல்லை. கூட்டமும் இசையும் ஆரவாரமுமாக இருக்கும். அந்த ஆரவாரத்தில் முதல் ஐந்து கிலோமீட்டர் பறந்துவிடத் தோன்றும். அங்கேதான் பலருக்குப் போட்டி கைநழுவிப் போகிறது. அது அவர்களுக்கு அப்போது தெரியாது. நான்கு மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

இதன் காரணத்தை எளிமையாகச் சொல்கிறேன். நம் உடம்பு இரண்டு வகை எரிபொருளில் ஓடுகிறது. ஒன்று, தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச் சத்து. அதைக் கிளைக்கோஜன் என்பார்கள். மற்றொன்று கொழுப்பு. கொழுப்பு நம் எல்லாரிடமும் தாராளமாக இருக்கிறது, ஆனால் மெதுவாகத்தான் எரியும். மாவுச் சத்து வேகமாக எரியும், ஆனால் இருப்பு குறைவு. ஏறத்தாழ 2,000 கலோரி அளவுக்குத்தான் சேர்த்து வைக்க முடியும். 74 கிலோ எடையுள்ள என் நண்பர் 42 கிலோமீட்டரைக் கடக்கத் தேவைப்படுவது சுமார் 3,000 கலோரி. எனவே இரண்டையும் கலந்துதான் செலவழிக்க வேண்டும். எவ்வளவு வேகமாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு அதிகமாக மாவுச் சத்து கரையும். அது தீர்ந்ததும், பெரும்பாலும் முப்பதாவது கிலோமீட்டர் வாக்கில், கால் இரும்பாகக் கனக்கும், தலை கிறுகிறுக்கும், அழுகைகூட வரும். ஓட்டக்காரர்கள் இதைச் சுவரில் மோதுவது என்பார்கள்.

அந்தச் சுவரைத் தள்ளிப்போட என் நண்பர் செய்தது இரண்டே வேலை. முதல் வேலை, தொடக்கத்திலிருந்தே மூன்று நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை. களைத்த பிறகு நடப்பது வேறு, களைக்கும் முன்பே திட்டமிட்டு நடப்பது வேறு. 1972ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலவே இந்த முறையைப் புதியவர்களுக்குப் பல ஆண்டுகள் கற்றுக்கொடுத்துப் பரப்பியவர். முதல் கிலோமீட்டரிலேயே ஒருவர் நடக்கத் தொடங்கினால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொள்ளவும் மனவலிமை வேண்டும். இரண்டாவது வேலை, பசி வரும் முன்பே முக்கால் மணிக்கு ஒருமுறை இரண்டு பேரீச்சம்பழமோ பாதி வாழைப்பழமோ சாப்பிட்டது. பயிற்சியிலேயே சாப்பிட்டுப் பார்த்து வயிறு ஏற்றுக்கொண்ட உணவு அது. போட்டியன்று புதிய உணவைச் சோதித்துப் பார்த்தால் வயிறு நம்மைச் சோதித்துவிடும்.

பாதித் தூரத்தை அவர் கடந்தது 3 மணி 10 நிமிடத்தில். அதுவரை எத்தனையோ பேர் அவரைத் தாண்டிப் போனார்கள். அவர் யாரையும் துரத்தவில்லை.

தண்ணீரும் அதிகமானால்

மெதுவாக ஓடுகிறவர்களுக்கே உரிய ஓர் ஆபத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நம்மில் பலர், ஓடும்போது எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நல்லது என்று நினைக்கிறோம். அது தவறு. அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் இருக்கும் சோடியம் என்னும் உப்புச் சத்து நீர்த்துப்போகும். மூளை வீங்கும். உயிருக்கே ஆபத்தாகலாம்.

2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தார்கள். 2005இல் வெளியான அந்த ஆய்வின்படி அவர்களில் நூற்றுக்கு 13 பேருக்கு உப்புச் சத்து இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடமும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களிடமும் இது அதிகம் காணப்பட்டது. காரணம் எளிது. வேகமாக ஓடுகிறவருக்குக் குடிக்க நேரமே இல்லை. மெதுவாக ஓடுகிறவர் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நிற்கிறார், கொடுக்கிற கோப்பையை எல்லாம் வாங்கிக் குடிக்கிறார்.

என் நண்பர் இதை வீட்டுத் தராசை வைத்தே கற்றுக்கொண்டார். ஞாயிறு பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பார். ஒரு கிலோ அளவுக்குக் குறைந்திருந்தால் கவலையில்லை, அது வியர்வை. எடை கூடியிருந்தால் தேவைக்கு அதிகமாகக் குடித்திருக்கிறார் என்று பொருள். ஒருமுறை அரைக் கிலோ கூடியிருந்தது. கையில் மோதிரம் இறுகிப் போயிருந்தது. அன்று முதல் தாகம் எடுத்தால் மட்டுமே குடிப்பது என்று வைத்துக்கொண்டார்.

நீங்களோ உங்கள் வீட்டுப் பிள்ளைகளோ ஓடப் போனால் இதை நினைவில் வையுங்கள். விரல் வீங்குவது, மோதிரம் இறுகுவது, தலைவலி, வாந்தி, பேச்சில் குழப்பம் ஆகியவை தண்ணீர் மிகுந்துவிட்டதன் அடையாளமாக இருக்கலாம். வெப்பத் தாக்கத்திலும் வாந்தியும் குழப்பமும் வரும். பார்த்த மாத்திரத்தில் நம்மால் பிரித்தறிய முடியாது. அதனால் குழம்பிப் பேசுகிற ஓட்டக்காரருக்கு நாமாகத் தண்ணீரைப் புகட்டாமல், உடனே மருத்துவக் குழுவினரைக் கூப்பிட வேண்டும்.

கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டர்

முப்பதாவது கிலோமீட்டரை என் நண்பர் தொட்டபோது காலை மணி ஆறைத் தாண்டி மூன்று நிமிடம். புறப்பட்டு 4 மணி 33 நிமிடம் ஆகியிருந்தது. இன்னும் விடியவில்லை. மிச்சம் இருந்தது 12 கிலோமீட்டர் 195 மீட்டர். மிச்சமிருந்த நேரம் 147 நிமிடம்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள், நேயர்களே. இனி நடந்தே போய்விடலாம் என்று அவர் முடிவு செய்திருந்தால் என்ன ஆகும்? மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் அந்தத் தூரத்துக்கு 146 நிமிடத்துக்கும் சற்று அதிகமாக ஆகும். கையில் மிஞ்சுவது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஆனால் 30 கிலோமீட்டர் ஓடிய கால்களால் அந்த வேகத்தில் இரண்டரை மணி நேரம் நடக்க முடியுமா? நிச்சயம் முடியாது. இடையிடையே ஓடினால்தான் பிழைக்கலாம். அந்தக் கணக்கை அவர் அந்த இருட்டில் போட்டுப் பார்த்தார்.

தொடைத் தசை பிடித்துக்கொண்டது. மூன்று நிமிடம் ஓட முடியவில்லை. அப்போது அவர் கடிகாரத்தை விட்டுவிட்டு விளக்குக் கம்பங்களை எண்ணத் தொடங்கினார். இரண்டு கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை. பின்பு ஒரு கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை. இப்படியே அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்குப் பத்தே கால் நிமிடம் என்ற கணக்கில் கடந்தார். தொடக்கத்தைவிட ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் வேகம் குறைந்திருந்தது. நெடுந்தூர ஓட்டம் தெரிந்தவர்கள் இந்த எண்ணைக் கேட்டால் தலையாட்டுவார்கள். வேகமாகத் தொடங்கிச் சுவரில் மோதியவர்கள் கடைசிப் பகுதியில் கிலோமீட்டருக்கு மூன்று, நான்கு நிமிடம் இழப்பது சாதாரணம். முதல் பாதியில் அவரைத் தாண்டிப் போனவர்களில் பலரை அவர் வெயில் ஏறிய பிறகு தாண்டி வந்தார். அவர்களுக்கும் தம்மிடமிருந்த கடைசிப் பேரீச்சம்பழங்களைக் கொடுத்துவிட்டு வந்தார்.

காலை 8 மணி 8 நிமிடத்துக்கு முடிவுக் கோட்டைத் தொட்டார். முதல் பாதி 3 மணி 10 நிமிடம், இரண்டாம் பாதி 3 மணி 28 நிமிடம். வித்தியாசம் 18 நிமிடம். வாசலை மூடுவதற்கு மிச்சம் 22 நிமிடம்.

முயற்சி என்றால் உயிரே போனாலும் ஓடுவது என்று யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புறப்படும் முன்பே அவர் தம் மனைவியிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். நெஞ்சு வலித்தாலோ, கண் இருட்டினாலோ, நேராக நடக்க முடியாமல் போனாலோ அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவேன் என்று. தசை வலிக்கு அவர் பணியவில்லை. இந்த மூன்றில் ஒன்று வந்திருந்தால் கட்டாயம் பணிந்திருப்பார். அந்த வேறுபாட்டை முன்கூட்டியே வகுத்துக்கொண்டதையும் சேர்த்துத்தான் நான் அவர் முயற்சி என்கிறேன்.

எப்படிப் பாராட்டுவது?

நாம் பாராட்டத் தெரியாதவர்கள் அல்லர். மாலை போடுவோம், பொன்னாடை போர்த்துவோம். கேள்வி கேட்பதில்தான் தடுமாறுகிறோம். எத்தனையாவது இடம், எவ்வளவு நேரம் என்ற இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்கிறோம். முதல் சில வரிசையில் வருபவர்களுக்கு அந்தக் கேள்விகள் பொருந்தும். அவர்களுக்குப் பின்னால் வரும் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பொருந்தாது.

அப்படி ஒருவர் உங்கள் குடும்பத்திலோ அலுவலகத்திலோ இருந்தால் இப்படிக் கேட்டுப் பாருங்கள். எத்தனை மாதம் பயிற்சி செய்தீர்கள்? முப்பதாவது கிலோமீட்டரில் எப்படி இருந்தது? முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் எவ்வளவு வித்தியாசம்? மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் அவர் முகத்தைப் பாருங்கள். விஷயம் தெரிந்த ஒருவர் கிடைத்துவிட்டார் என்று கண் மலரும். வேகம் எவ்வளவாக இருந்தாலும், தம் பலத்தைச் சரியாக அளந்து செலவழித்தாரா என்பதை அந்த வித்தியாசம் சொல்லிவிடும்.

இன்னொன்றையும் கேட்கலாம். மாடிப்படி இறங்க முடிகிறதா? சிரித்துவிடுவார். ஓடிய மறுநாள் படி ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. ஓட்டத்தில் மிக அதிகமாக அடிபட்டதும் அந்தத் தசைதான். என் நண்பர் மூன்று நாள் படியில் பின்பக்கமாக இறங்கினார். அவர் வீட்டுப் பேரப்பிள்ளைக்கு அது பெரிய வேடிக்கை.

ஒரு கேள்வியை மட்டும் தயவுசெய்து கேட்க வேண்டாம். அடுத்த தடவை ஐந்து மணி நேரத்துக்குள் வந்துவிடுவீர்களா என்ற கேள்வி அது. முதல் ஓட்டம் முடிந்தவருக்குத் தேவை ஓய்வு. இரண்டு மூன்று வாரமாவது கடுமையாக ஓடக் கூடாது. வலி நான்கைந்து நாளில் போய்விடும், ஆனால் தசையின் உள்காயம் ஆற அதைவிட நாளாகும். வலி இல்லையே என்று பத்தாம் நாளே வேகமாக ஓடப் போய்க் காயம்பட்டுக்கொண்டவர்கள் உண்டு. அவர்களை அப்படி ஓட வைத்தது, பெரும்பாலும் அக்கம்பக்கத்தார் கேட்ட அந்தக் கேள்விதான்.

நண்பரே, இப்போது உங்களிடமே நேராகப் பேசுகிறேன். ஒன்பது மாதம் உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை எனக்குத் தெரியும். கிடங்கில் இரவு வேலை முடிந்து வந்து, இரண்டு மணி நேரம் மட்டும் தூங்கி எழுந்து போன நாள்களும் எனக்குத் தெரியும். முதல் கிலோமீட்டரில் கூட்டம் சிரிக்கச் சிரிக்க நீங்கள் நடந்ததற்கும், 38ஆவது கிலோமீட்டரில் யாரும் பார்க்காதபோது நீங்கள் ஓடியதற்கும் சேர்த்து உங்களைப் பாராட்டுகிறேன். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் அந்தப் பதக்கத்தை எடுத்து, இந்த அவையில் எல்லாரும் பார்க்க ஒருமுறை கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.